ஹாலுக்குள் போன் ஆஃப்ல இருந்தாலும் குற்றம்தான்... சரி, அதை எங்கே வைப்பது?

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை 8.40 மணி. வேலூரில் ஒரு கல்லூரி வாசல். யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வு. திருவண்ணாமலையிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்துத் தனியாக வந்த ஒரு பெண், கையில் ஹால் டிக்கெட் பிரிண்ட்டும் ஆதார் அட்டையுமாக நிற்கிறார். தோள்பையில் செல்போன். அதில்தான் பஸ்ஸுக்கு ஜிபே செய்தார், அதில்தான் மேப் பார்த்து வந்து சேர்ந்தார், ‘வந்துட்டேன்மா’ என்று வீட்டுக்கு மெசேஜ் போட்டதும் அதில்தான். கேட்டில் நிற்பவர் சொல்கிறார்: “போன் உள்ளே போகக் கூடாதும்மா. எங்கேயாவது வெச்சுட்டு வாங்க.”

எங்கே? கேட் 9 மணிக்கு மூடிவிடும். ஊரில் தெரிந்தவர் யாரும் இல்லை. எதிரே ஒரு டீக்கடை, பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. கையில் இருபது நிமிடம்.

ஒவ்வொரு போட்டித் தேர்வு நாளிலும் ஆயிரக்கணக்கானவர்கள் இந்த இருபது நிமிடத்தைக் கடந்துதான் உள்ளே போகிறார்கள். பெரும்பாலானவர்கள் முன்பின் தெரியாத கடைக்காரரை நம்பிப் போனைக் கொடுக்கிறார்கள். சிலர் மட்டும் தப்பான முடிவை எடுக்கிறார்கள்: ‘ஆஃப் பண்ணிப் பைக்குள்ள வெச்சா என்ன ஆகிடப் போகுது?’ அப்படி வைத்தால் என்ன ஆகும் என்பதையும், அந்த நிலைக்கு ஒருவரைத் தள்ளுவது யார் என்பதையும் பார்ப்போம்.

*விதி என்ன சொல்கிறது?*

யுபிஎஸ்சி அறிவிப்பில் இது தெளிவாகவே இருக்கிறது. செல்போன், ஸ்மார்ட் வாட்ச், புளூடூத் கருவி, பென் டிரைவ், கேமரா, தகவல் தொடர்புக்குப் பயன்படுத்தக்கூடிய வேறு எந்தக் கருவியும் கூடாது. செல்போன் விஷயத்தில் ‘ஸ்விட்ச் ஆஃப் நிலையில் இருந்தாலும்’ என்று தனியாகவே எழுதியிருக்கிறார்கள். முறைகேடுகளின் பட்டியலில் இந்தக் கருவிகளைப் ‘பயன்படுத்துவது’ மட்டும் இல்லை, ‘வைத்திருப்பது’ம் இருக்கிறது. நீங்கள் யாருக்கும் போன் பேச வேண்டாம், திரையைத் தொடக்கூட வேண்டாம். கையில் இருந்தாலே போதும்.

வாட்ச் விஷயத்தில் தேர்வுக்குத் தேர்வு விதி மாறும். யுபிஎஸ்சியில் சாதாரண முள் கடிகாரம் கட்டிக்கொண்டு போகலாம், ஸ்மார்ட் வாட்ச்தான் கூடாது. நீட் தேர்விலோ எந்தக் கடிகாரமும் கூடாது. பிட்னஸ் பேண்ட், பர்ஸ், பெல்ட் வரை தடைப் பட்டியலில் உண்டு. டிஎன்பிஎஸ்சி நினைவகம் உள்ள வாட்ச், மோதிரம் வரை பெயர் சொல்லித் தடுக்கிறது. தேவைப்பட்டால் உடல் சோதனை செய்வோம் என்றும் சொல்கிறது. ‘போன தடவை இந்த வாட்ச் கட்டிட்டுத்தானே எழுதினேன்’ என்று நம்பிப் போகிறவர் மாட்டுவது இங்கேதான்.

அடுத்த வரிதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். தடை செய்யப்பட்ட பொருட்களைத் தேர்வு மையத்துக்கே கொண்டுவர வேண்டாம், அவற்றைப் பாதுகாப்பாக வைக்கும் ஏற்பாட்டுக்கு உறுதி தர முடியாது என்கிறது யுபிஎஸ்சி. நீட் தகவல் கையேடு இன்னும் நேரடியாக, பொருட்களை வைக்க மையத்தில் எந்த ஏற்பாடும் செய்யப்படாது என்கிறது.

அதாவது, உள்ளே கொண்டுபோனால் குற்றம். வெளியே வைக்க இடம் கிடையாது.

*ஆஃப் பண்ணிய போனுக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி?*

‘இதெல்லாம் ஓவர்’ என்று தோன்றலாம். ஆனால் இந்தக் கண்டிப்புக்கு நியாயமான காரணம் இருக்கிறது.

தேர்வு மோசடியில் செல்போனுக்கு இரண்டு வேலை. கேள்வித்தாளைப் படமெடுத்து வெளியே அனுப்புவது ஒன்று. பதிலை உள்ளே வாங்குவது இன்னொன்று. காதுக்குள் மறைகிற அளவுக்குச் சிறிய புளூடூத் கருவியால் தனியாக எதுவும் செய்ய முடியாது. அதற்குப் பக்கத்தில் எங்காவது ஒரு போன் வேண்டும். 2017 அக்டோபரில் சென்னையில் யுபிஎஸ்சி முதன்மைத் தேர்வு எழுதிக்கொண்டிருந்த ஓர் இளம் ஐபிஎஸ் அதிகாரி பிடிபட்டது நினைவிருக்கும். கேள்விகள் படமாக வெளியே போயின, பதில்கள் புளூடூத் வழியாகக் காதுக்கு வந்தன என்பதுதான் அவர் மீது போலீஸ் சொன்ன குற்றச்சாட்டு. அவர் கைது செய்யப்பட்டார்.

ஒரு போன் ‘ஆஃப்’தான் என்பதைக் கண்காணிப்பாளர் எப்படி உறுதி செய்வார்? கறுப்புத் திரையைப் பார்த்து ஆஃபா, லாக்கா என்று சொல்ல முடியாது. இப்போது ஆஃபில் இருக்கிற போனைக் கழிவறையில் ஒரு நிமிடத்தில் ஆன் செய்துவிடலாம். ‘சைலண்ட்ல போட்டிருந்தேன்’ என்பதும் உதவாது. சைலண்ட்டில் இருந்தாலும் அலாரம் அடிக்கும். பயன்படுத்தியதை நிரூபிப்பது கடினம், வைத்திருந்ததைக் காட்டுவது எளிது. அதனால்தான் ‘வைத்திருப்பதே குற்றம்’ என்று விதியை எழுதியிருக்கிறார்கள். ஹாலுக்குள் இந்த விதியில் ஒரு எழுத்தைக்கூடத் தளர்த்தச் சொல்லி நான் வாதாடவில்லை.

*பிடிபட்டால் என்ன நடக்கும்?*

வேலூர் பெண்ணிடமே திரும்புவோம். அவர் போனை ஆஃப் செய்து, பையின் அடியில் துணிக்குள் சுற்றி வைத்துவிட்டார். கேட்டில் கூட்டம், பை சரியாகச் சோதிக்கப்படவில்லை. ஹாலில் பையை முன்னால் கரும்பலகைக்குக் கீழே வைக்கச் சொன்னார்கள். பத்தரை மணிக்குப் பறக்கும் படை வருகிறது. பைகளைத் திறக்கிறது.

கேட்டிலேயே போன் தெரிந்திருந்தால், பெரும்பாலும் ‘வெளியே வெச்சுட்டு வாங்க’ என்பதோடு முடிந்திருக்கும். தேர்வு தொடங்கிய பிறகு கிடைத்தால் கதை வேறு. கண்காணிப்பாளர் மையப் பொறுப்பாளரிடம் சொல்வார். போன் கைப்பற்றப்படும். தேர்வரிடம் எழுத்துப்பூர்வமான வாக்குமூலம் வாங்குவார்கள், கண்காணிப்பாளரும் தன் தரப்பை எழுதுவார். இவை எல்லாம் அறிக்கையாக ஆணையத்துக்குப் போகும்.

தண்டனையை அந்த இடத்திலேயே யாரும் அறிவிப்பதில்லை. யுபிஎஸ்சி விதிப்படி, தண்டனைக்கு முன் தேர்வருக்கு எழுத்துப்பூர்வமாக விளக்கம் தர வாய்ப்புக் கொடுக்க வேண்டும், உரிய காலத்துக்குள் வந்த விளக்கத்தைப் பரிசீலிக்கவும் வேண்டும். அதன்பிறகு ஆணையம் இந்தத் தேர்வுக்கு அவரைத் தகுதிநீக்கம் செய்யலாம். குறிப்பிட்ட காலத்துக்கோ நிரந்தரமாகவோ எதிர்காலத் தேர்வுகளிலிருந்து விலக்கி வைக்கலாம். அவர் ஏற்கெனவே அரசு ஊழியர் என்றால் துறை ரீதியான நடவடிக்கையும் வரலாம். வேலையில் இருந்துகொண்டே படிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பலருக்குத் தெரியாத இன்னொரு இழப்பும் உண்டு. முதல்நிலைத் தேர்வில் ஒரு தாள் எழுதினாலே அது ஒரு முயற்சியாகக் கணக்கில் வரும். பிறகு தகுதிநீக்கம் செய்யப்பட்டாலும் அந்தக் கணக்கு மாறாது. பொதுப்பிரிவில் மொத்தமே 6 முயற்சிகள்தான். அந்தப் பெண் அன்று கேட்டில் தாமதமாகித் திரும்பிப் போயிருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போயிருக்கும். இப்போது ஒரு முயற்சியும் போய்விட்டது. அதோடும் முடிவதில்லை. மத்திய அரசு வேலையில் சேரும்போது நிரப்பும் சான்றுறுதிப் படிவத்தில், எந்தத் தேர்விலிருந்தாவது விலக்கி வைக்கப்பட்டிருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி இருக்கும். அதற்கு ‘ஆம்’ என்று எழுத வேண்டியிருக்கும்.

‘ஜெயில்ல போட்டுடுவாங்களா?’ என்ற பயமும் இருக்கிறது. 2024 ஜூன் 21 முதல் அமலில் இருக்கும் பொதுத் தேர்வு முறைகேடு தடுப்புச் சட்டத்தில் 3 முதல் 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று இருப்பதைப் படித்துவிட்டு வருகிற பயம் இது. அந்தச் சட்டம் கேள்வித்தாளைக் கசியவிடுகிறவர்களையும் மோசடிக் கும்பல்களையும் குறிவைத்தது. தேர்வர்கள் இந்தச் சட்டத்தின்கீழ் வரமாட்டார்கள், தேர்வு நடத்தும் அமைப்பின் நிர்வாக விதிகளே அவர்களுக்குப் பொருந்தும் என்று மசோதாவைக் கொண்டுவந்தபோதே அரசு விளக்கியது. போனை வைத்து உண்மையிலேயே மோசடி செய்திருந்தால், 2017இல் நடந்ததுபோல் போலீஸ் வழக்காகலாம். பையில் கிடந்த ஆஃப் ஆன போன் என்றால், அது ஆணையத்துக்கும் தேர்வருக்கும் இடையிலான விவகாரம்.

*ஒரே கூண்டில் இருவர்*

என் முதல் குறை இங்கே தொடங்குகிறது. காதில் புளூடூத் வைத்துப் பதில் கேட்டவரும், பைக்குள் ஆஃப் செய்த போனோடு உட்கார்ந்திருந்தவரும் விதியில் ஒரே பட்டியலில்தான் வருகிறார்கள். யாருக்கு எவ்வளவு தண்டனை என்பதை ஆணையம் தன் விருப்பப்படி முடிவு செய்யலாம். இன்ன தவறுக்கு இவ்வளவு என்று படிப்படியாக அறிவிப்பில் எழுதிவைக்கவில்லை. சிபிஎஸ்இ-யோ எழுதியே வைத்துவிட்டது: 2025 பொதுத்தேர்வுகளிலிருந்து, மின்னணுத் தொடர்புக் கருவியோடு பிடிபடும் மாணவருக்கு அந்த ஆண்டுத் தேர்வும் கிடையாது, அடுத்த ஆண்டுத் தேர்வும் கிடையாது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இது இரண்டு ஆண்டு.

வேறு வழி இருக்கிறதா? பிரிட்டனில் பள்ளிப் பொதுத்தேர்வு நடத்தும் வாரியங்களின் கூட்டமைப்பான ஜேசிகியூ, செல்போன் குற்றத்தை மூன்று படிகளாகப் பிரித்திருக்கிறது. போன் தேர்வு அறையில் எங்கோ இருந்தது, மாணவரிடம் இல்லை, ஆனால் சத்தம் போட்டது என்றால் எச்சரிக்கை. மாணவரிடமே இருந்தது, பயன்படுத்தியதற்கு ஆதாரம் இல்லை என்றால் மதிப்பெண் இழப்பு. மாணவரிடம் இருந்தது, பயன்படுத்தியதற்கு ஆதாரமும் உண்டு என்றால் தகுதி இழப்பு.

அங்கேயும் ‘ஆஃப்ல இருந்துச்சு சார்’ என்பது சாக்கு ஆகாது. வைத்திருந்தாலே குற்றம்தான். ஆனால் போன் எங்கே இருந்தது, பயன்படுத்தப்பட்டதா என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட்டுத்தான் தண்டனையின் அளவைச் சொல்கிறார்கள். நம் ஆணையங்களும் இந்த இரண்டு கேள்விகளை அறிவிப்பிலேயே எழுதிவைக்கலாம். மோசடிக்காரருக்கு இதில் எந்தச் சலுகையும் இல்லை. மறதிக்காரருக்கு அளவான தண்டனை கிடைக்கும்.

*லாக்கர் யாருக்கு?*

இரண்டாவது குறை இன்னும் அடிப்படையானது. வெளிநாட்டில் படிக்க ஜிஆர்இ எழுதுகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். மையத்துக்குள் நுழைந்ததும் போனை ஆஃப் செய்து, பையோடு லாக்கரில் வைத்துப் பூட்டுவார்கள். தேர்வு முடியும்வரை அதைத் தொடக் கூடாது. இடையில் வெளியே வந்து போனை எடுத்துப் பார்த்தாலே வெளியேற்றப்படலாம், மதிப்பெண் ரத்தாகலாம். விதி கடுமைதான். ஆனால் விதியைக் கடைப்பிடிப்பதற்கான இடத்தை அவர்களே கொடுத்துவிடுகிறார்கள்.

அந்தத் தேர்வுக்குக் கட்டணம் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வுக்கு 100 ரூபாய். பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் அதுவும் இல்லை. குறைந்த கட்டணம் நல்ல விஷயம். ஆனால் தனியாகப் பஸ் ஏறி வருகிற, காரும் கூட ஆளும் இல்லாத தேர்வர்கள் அதிகம் இருப்பது இந்த 100 ரூபாய் தேர்வில்தான். அப்பா காரில் கொண்டுவந்து விடுகிற பிள்ளைக்குப் போன் ஒரு பிரச்சினையே இல்லை. தனியாக வருகிறவருக்குத்தான் பிரச்சினை.

பல மையங்களின் வாசலில் இதற்கென்றே ஒரு சின்ன வியாபாரம் நடக்கிறது. போனுக்கு இவ்வளவு, பைக்கு இவ்வளவு என்று ஒரு ரேட். துண்டுச் சீட்டில் நம்பர் எழுதிக் கொடுப்பவர்களும் உண்டு, ‘முகத்தை ஞாபகம் வெச்சுக்கிறேன், போங்க’ என்பவர்களும் உண்டு. சில மையங்களில் உள்ளேயே ஓர் அறையில் பைகளைப் போட்டுவிட்டுப் போகச் சொல்வார்கள்; ரசீது இருக்காது, ஆளும் இருக்கமாட்டார். முதல்நிலைத் தேர்வில் 9.30 முதல் 11.30 வரை ஒரு தாள், மதியம் 2.30 முதல் 4.30 வரை இன்னொன்று. இந்த அவஸ்தை ஒரே நாளில் இரண்டு முறை.

*‘நடைமுறையில் முடியாது’ என்பவர்களுக்கு*

அதிகாரிகள் பக்கத்திலிருந்து இரண்டு எதிர்வாதங்கள் வரும். கேட்டில் கூட்டம் சேரும், நேரம் ஆகும் என்பது முதலாவது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மையத்தில் 400 பேர். எல்லோருமே போன் கொண்டுவருகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆஃப் செய்த போனைத் தேர்வரே ஒரு காகித உறையில் போட்டு ஒட்டி, ரோல் நம்பர் எழுதி, கையெழுத்துப் போட்டு வரிசையில் நிற்கிறார். வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுக்க ஒருவருக்கு 15 விநாடி. நான்கு கவுன்டர்கள் இருந்தால் 400 பேருக்கு 25 நிமிடம். கேட் ஒரு மணி நேரம் முன்பே திறந்தால் போதும். திருப்பிக் கொடுக்கவும் இதே நேரம்தான். தேர்வு மையங்கள் பெரும்பாலும் பள்ளி, கல்லூரிகள்; ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கிற ஒரு வகுப்பறை அங்கே கிடைக்காதா?

ஒருவருக்கு 20 ரூபாய் வாங்கினால் 8,000 ரூபாய். உறை, டோக்கன், நான்கு பேரின் அரை நாள் அல்லது ஒரு நாள் கூலி இதில் அடங்கும். எதிரே இருக்கும் கடைக்குத் தேர்வர்கள் இப்போதே கொடுக்கும் பணம்தான் இது.

இரண்டாவது எதிர்வாதம் கொஞ்சம் கனமானது: ‘தொலைந்தால் யார் பொறுப்பு?’ ஒரு லட்சம் ரூபாய் ஐபோனுக்கு ஒரு பள்ளித் தலைமை ஆசிரியர் பதில் சொல்ல முடியாதுதான். இதற்கு ரயில்வே கிளாக் ரூமைப் பார்க்கலாம். பூட்டிய பையை மட்டும் வாங்குவார்கள், பயண டிக்கெட் காட்ட வேண்டும், ரசீது உண்டு. நிபந்தனைகளோடு பொறுப்பு ஏற்பது சாத்தியம் என்பதற்கு அதுவே உதாரணம். ஒட்டிய உறை, கையெழுத்து, டோக்கன், இழப்பீட்டுக்கு ஓர் உச்சவரம்பு என்று விதி எழுதினால் தலைமை ஆசிரியர் தலையில் எதுவும் விழாது. இன்றைய ஏற்பாட்டில் முழுப் பொறுப்பும் 22 வயதுத் தேர்வர் தலையில் இருக்கிறது.

இதில் தேர்வு நடத்துபவர்களுக்கும் லாபம் உண்டு. போனை வைக்க முறையான இடம் இருக்கும்போது, அதையும் மீறி ஒருவர் போனை ஹாலுக்குள் கொண்டுவந்தால் ‘வைக்க இடமில்லை சார்’ என்ற விளக்கம் எடுபடாது. அப்போது கடுமையான தண்டனைக்கு நியாயம் கூடும்.

*அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது*

விதி மாறும்வரை காத்திருக்க முடியாது. அடுத்த தேர்வு அடுத்த மாதமே வரலாம். முதல் வேலை, போன் இல்லாமலே உள்ளே போகிற மாதிரி தயாராவது. ஹால் டிக்கெட்டைப் பிரிண்ட் எடுத்து, அசல் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். போனில் இருக்கிற இ-ஆதாரை உள்ளே காட்ட முடியாது. திரும்பிப் போக பஸ் காசு ரொக்கமாக இருக்கட்டும். வீட்டுக்காரர் இரண்டு பேரின் நம்பரை ஒரு தாளில் எழுதி, போனோடு வைக்காமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பைக்கில் போகிறவர்கள் சீட்டுக்கு அடியில் பூட்டி வைக்கலாம். கடையில் கொடுக்க வேண்டியிருந்தால், வீட்டிலேயே *#06# டயல் செய்து வரும் ஐஎம்இஐ எண்ணை எழுதி வைத்துவிடுங்கள். போன் போனால், போலீஸ் புகார் நகலோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்து போனை முடக்கலாம். காலை அலாரம், ஸ்மார்ட் வாட்ச், பாக்கெட்டில் கிடக்கும் இயர்பட்ஸ் மூன்றையும் கேட்டுக்கு முன்பே ஒருமுறை தடவிப் பாருங்கள். பழக்கத்தில் கையில் இருப்பதே தெரியாத பொருள் ஸ்மார்ட் வாட்ச்.

உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது என்றால்? கேள்வித்தாள் கொடுப்பதற்கு முன்பே கையைத் தூக்கிச் சொல்லிவிடுங்கள். இதற்குத் தனிச் சலுகை எதுவும் விதியில் எழுதப்படவில்லை. ஆனால் ‘நானே எடுத்துக் கொடுத்தேன்’ என்று பின்னால் விளக்கத்தில் எழுதுவதும், ‘பறக்கும் படை எடுத்தது’ என்று எழுதுவதும் ஒன்றல்ல.

பிடிபட்டுவிட்டால் பதற்றத்தில் போனில் எதையும் அழிக்காதீர்கள். அது உங்களுக்கு எதிராகவே திரும்பும். வாக்குமூலத்தில் மன்னிப்புக் கடிதம் எழுதிவிட்டு நின்றுவிடாதீர்கள். போன் எங்கே இருந்தது, ஆஃபா ஆனா, எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது, உங்கள் இருக்கையிலிருந்து எவ்வளவு தூரம், மையத்தில் போனை வைக்க இடம் இருந்ததா என்பதை உள்ளது உள்ளபடி எழுதுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பின்னால் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால் கெடு தேதிக்குள் பதில் அனுப்புங்கள். அந்தப் பதிலைப் பரிசீலிக்க வேண்டியது அவர்கள் கடமை. அனுப்பாவிட்டால் பரிசீலிக்க எதுவும் இருக்காது.

வேலூர் பெண் அன்று என்ன எழுதுவார்? ‘போன் பைக்குள் ஆஃபில் இருந்தது. பை கரும்பலகைக்குக் கீழே இருந்தது. வெளியே வைக்க இடம் கேட்டேன், இல்லை என்றார்கள்.’ மூன்றும் உண்மை. முதல் இரண்டுக்கு அவர் பொறுப்பு. மூன்றாவது வரிக்கு யார் பொறுப்பு என்பதைத்தான் தேர்வு நடத்துபவர்கள் அடுத்த அறிவிப்பில் எழுத வேண்டும்.